பொய்ப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு நேர்கோடு

வரைபடத் தாளில் ஆறு புள்ளிகளைக் குறியுங்கள்: (0,1), (1,3), (2,5), (3,7), (4,9), (5,11). ஆறும் y = 2x + 1 என்ற கோட்டின் மேல் வரிசையாக உட்காரும். இப்போது கருவிக் கோளாறால் வந்தவை என்று வைத்துக்கொண்டு, இன்னும் நான்கைச் சேருங்கள்: (0,15), (1,20), (2,18), (5,0).

பத்துக்கும் சேர்த்து, பாடப்புத்தகத்தில் உள்ள மீச்சிறு வர்க்க முறையில் கோடு பொருத்தினால் y = 10.6 − 0.74x என்று வரும். மேலே ஏற வேண்டிய கோடு கீழே இறங்குகிறது! விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டுவதால், தொலைவில் கிடக்கும் புள்ளிக்குத்தான் இழுப்பு அதிகம். பெரும்பான்மை சொல்வது எடுபடுவதில்லை.

இதற்கு மாற்றாக மார்ட்டின் ஃபிஷ்லரும் ராபர்ட் போல்ஸும் 1981இல் வெளியிட்டதுதான் ரான்சாக் முறை. எல்லாப் புள்ளிகளையும் ஒன்றாகச் சமாதானப்படுத்த அது முயல்வதில்லை. கோடு போட இரண்டு புள்ளி போதும் என்பதால், கண்ணை மூடிக்கொண்டு இரண்டை எடுக்கிறது. அவற்றின் வழியே கோடு போட்டு, அதை ஒட்டி எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்று எண்ணுகிறது.

முதலில் (0,15), (3,7) வந்தன என்று கொள்வோம். y திசையில் அளந்து ஒரு அலகு தூரத்துக்குள் இருந்தால் ஆதரவு என்று வைத்தால், அந்தக் கோட்டுக்கு அந்த இரண்டைத் தவிர வேறு ஆதரவே இல்லை. அடுத்து (1,3), (4,9) வந்தால் ஆறு கிடைக்கும். அதிக ஆதரவு பெற்ற கோட்டை வைத்துக்கொண்டு, கடைசியில் அந்த ஆறு புள்ளிகளுக்கு மட்டும் மீச்சிறு வர்க்க முறையைப் போடுவார்கள். பழைய முறையை யாரும் தூக்கி எறியவில்லை, வடிகட்டிய பிறகு கொண்டுவருகிறார்கள், அவ்வளவே.

எத்தனை முறை எடுக்க வேண்டும்? நம் பத்தில், எடுக்கும் இரண்டுமே நல்லவையாக அமைய வாய்ப்பு மூன்றில் ஒன்று. 12 முறை எடுத்தால், ஒரு முறையாவது நல்ல ஜோடி அகப்பட 99 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு உண்டு. பெரிய தொகுப்பில் பாதி கெட்டிருந்தால் 17 முறை; பத்தில் ஒன்றுதான் நல்லது என்றால் 459 முறை. கணினிக்கு அதுவும் கண் இமைக்கும் வேலை.

நடைமுறையில் இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எடுப்பது நல்லது. உண்மையான அளவீடுகளில் நல்ல புள்ளிகளும் சற்றே தள்ளாடும். அப்படிப்பட்ட இரண்டு அருகருகே மாட்டினால், சிறு பிழைகூடக் கோட்டின் சரிவைப் புரட்டிவிடும்.

உண்மையில் சிக்கல் அந்த ‘ஒரு அலகு’ வரம்பில்தான். அதை மிக அகலமாக வைத்தால் எல்லாக் கோடுகளுக்கும் ஆதரவு குவிந்து, நல்லது கெட்டது தெரியாமல் போகும். மிகக் குறுக்கினால் நல்ல புள்ளிகளே வெளியே தள்ளப்படும். கருவி சாதாரணமாக எவ்வளவு பிழை காட்டும் என்று அளந்து, அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு வைப்பது வழக்கம்.

புள்ளிகளை எடுப்பது குருட்டாம்போக்கில் என்பதால், ஒரே தரவில் ஐந்தாறு தடவை ஓட்டிப் பாருங்கள். கோடு ஒவ்வொரு தடவையும் வேறாக வந்தால், வரம்போ எண்ணிக்கையோ தவறு. அல்லது தரவில் இருப்பது ஒரு கோடே அல்ல.