டெண்டர் கோப்பில் தணிக்கையாளர் தேடுவது

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் வந்தது. அதன் 2000ஆம் ஆண்டு விதிகளின்படி, 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதைத் தாண்டினால் 30 நாள். குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு: 2.4 கோடி ரூபாய்ச் சாலைப் பணி 1.2 கோடி வீதம் இரண்டாகிறது. 15 நாளே போதும். வெளியூர்க் குத்தகைதாரர் விலைப்புள்ளி தயாரிக்க நேரமில்லை. தணிக்கையாளர் இரு மதிப்பீடுகளின் தேதியையும் சாலைப் பெயரையும் ஒப்பிடுவார். பிறகு, போட்டியிட்ட இருவரின் விலைப்புள்ளிகளும் ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து பதிவேறினவா என்று பார்ப்பார். அது கூட்டுச்சதிக்கு முடிவான சான்றல்ல. ஆனால் விசாரித்தே ஆகவேண்டிய தடயம்.

தணிக்கையாளர் யாரையும் தண்டிக்க முடியாது. அவரது அறிக்கை சட்டமன்றத்துக்குப் போகிறது. பொதுக் கணக்குக் குழு துறையிடம் விளக்கம் கேட்கிறது.