பினாயில் டப்பாவில் ஓர் எண்

கறுப்பு பினாயில் வாங்குபவர்கள் விலையைப் பார்ப்பார்கள், மூடியைத் திறந்து வாசனையும் பார்ப்பார்கள். லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் 'ஆர்.டபிள்யூ.சி. 5' என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. ரிடீல், வாக்கர் என்ற இருவர் 1903-இல் இங்கிலாந்தில் வகுத்த சோதனையின் மதிப்பெண் அது. கிருமியைக் கொல்வதில் இந்தத் திரவம் ஃபீனாலைவிட எத்தனை மடங்கு வலுவானது என்பதைச் சொல்கிறது.

ஃபீனாலை ஏன் அளவுகோலாக எடுத்தார்கள்? அதற்கு அப்போது பெரிய பெயர் இருந்தது. 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோ மருத்துவமனைக்கு ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுச் சிறுவனைக் கொண்டுவந்தார்கள். வண்டி ஏறி, கால் எலும்பு முறிந்து சதையும் கிழிந்திருந்தது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட காயம் சீழ்பிடித்துக் காலையோ உயிரையோ கொண்டுபோவது சகஜம். அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலம் என்றழைக்கப்பட்ட ஃபீனாலில் நனைத்த துணியால் காயத்துக்குக் கட்டுப்போட்டார். ஆறு வாரங்களில் எலும்பு கூடிவிட்டது, சீழ் பிடிக்கவில்லை. ஆனால் ஃபீனால் தோலையும் புண்ணாக்கியது. அதனால் மாற்று மருந்துகள் வரிசையாகக் கடைக்கு வந்தன. எது உண்மையில் வலுவானது என்று கண்டுபிடிக்க ஒரு பொது அளவு தேவைப்பட்டது.

சோதனை எளிமையானது. ஃபீனாலையும் சோதிக்க வேண்டிய திரவத்தையும் தண்ணீர் சேர்த்துப் பல அளவுகளில் நீர்க்கச் செய்து, ஒவ்வொரு குழாயிலும் டைஃபாய்டு கிருமியை விடுவார்கள். இரண்டரை, ஐந்து, ஏழரை, பத்து நிமிடங்களில் ஒவ்வொரு சொட்டு எடுத்து, கிருமி வளரும் ஊட்டக் கரைசலில் போட்டு உடல் சூட்டில் வைப்பார்கள். கரைசல் கலங்கினால் கிருமி பிழைத்திருக்கிறது, தெளிவாகவே இருந்தால் செத்துவிட்டது என்று பொருள். ஐந்து நிமிடத்தில் பிழைத்து ஏழரை நிமிடத்தில் சாகும் குழாயைத்தான் தேடுவார்கள். ஃபீனாலில் அது நூறில் ஒரு பங்குக் கரைசல் என்றும், புதிய திரவத்தில் ஐந்நூறில் ஒரு பங்கு என்றும் வைத்துக்கொள்வோம். 500-ஐ 100-ஆல் வகுத்தால் 5. இதுதான் ஃபீனால் குணகம்.

இந்த எண்ணுக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. எல்லா மருந்தும் ஃபீனால் கொல்கிற விதத்திலேயே கொல்லும் என்று அது நம்புகிறது. ஃபீனால் வகை, கிருமியின் மேலுறையைக் கிழித்து உள்ளிருப்பதைக் கசியவைக்கிறது, புரதத்தையும் திரளச் செய்கிறது. ஆல்கஹாலும் புரதத்தைக் கெடுப்பதுதான். ஆனால் அதற்குத் தண்ணீரும் வேண்டும். அதனால்தான் கைக்குத் தேய்க்க சுத்த ஆல்கஹாலைவிட 70 சதவீதக் கரைசல் நன்றாக வேலை செய்கிறது. பிளீச்சிங் பவுடரின் குளோரினும் காயத்துக்குப் போடும் அயோடினும் கிருமியின் நொதிகளை ஆக்ஸிஜனேற்றம் செய்து முடக்குகின்றன. தரை துடைக்கும் பல திரவங்களில் இருக்கும் குவாட்டர்னரி அமோனியம், நேர்மின்னேற்றத்தால் மேலுறையில் ஒட்டிக்கொண்டு அதைக் குலைக்கிறது. சாதாரண சோப்பு மிச்சமிருந்தால் அதன் வேலை கெட்டுவிடும். ஸ்போர் என்ற கெட்டி உறைக்குள் பதுங்கிய கிருமியிடம் ஆல்கஹாலோ ஃபீனாலோ பலிக்காது.

கொல்லும் விதம் வேறானால், நீர்க்கும்போது வலு குறையும் விதமும் வேறு. பாதியாக நீர்த்தால் ஃபீனாலின் வேகம் ஏறத்தாழ 64 மடங்கு விழுந்துவிடும். குவாட்டர்னரி அமோனியத்துக்கோ சுமார் இரண்டு மடங்குதான் குறையும். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தினால் எண் கிடைக்கும், அர்த்தம் கிடைக்காது. ஆகவே ஃபீனால் குடும்பத்துக்குள் ஒப்பிட மட்டுமே இந்தக் குணகம் நம்பகமானது. பினாயில் அந்தக் குடும்பம்தான்.

இன்னொரு குறை, ரிடீலும் வாக்கரும் அழுக்கில்லாத தண்ணீரில் சோதித்தது. கழிவறைத் தரை அப்படியா இருக்கிறது? மலமும் சளியும் ரத்தமும் மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கிருமிக்கு எட்டவிடாது. 1908-இல் ஹாரியட் சிக், சார்லஸ் மார்ட்டின் இருவரும் காய்ந்த மலத்தைக் கலந்து சோதித்தார்கள். மதிப்பெண்கள் இறங்கின. சொல்லப்போனால், நியாயமான பரீட்சை இதுதான்.

பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு. குணகத்தை 20-ஆல் பெருக்கினால் வருவது, ஐந்து சதவீத ஃபீனாலுக்கு இணையாக எத்தனை மடங்கு நீர்க்கலாம் என்ற அளவு. குணகம் 5 என்றால் 100 மடங்கு, அதாவது ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி. ஒரு வாளி, அதாவது 15 லிட்டருக்கு, 150 மில்லி ஆகிறது. ஒரு மூடி ஊற்றினால் வாசனை வரும், அவ்வளவுதான். லேபிளில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். முதலில் அழுக்கைக் கழுவித் தள்ளிவிட்டு, பிறகு மருந்தை ஊற்றிப் பத்து நிமிடமாவது ஊறவிடுங்கள்.