பழுதுபார்க்கும் மேசைப் படத்தில் சால்டரிங் அயர்ன், வெல்டிங் ராடு, இளக்கி டப்பா ஆகியவற்றை அடையாளம் காணுதல்

உலோகங்களை இணைக்கும் முறைகளில் சால்டரிங், வெல்டிங் இரண்டும் பரவலானவை. சால்டரிங்கில், இணைக்கப்படும் உலோகம் உருகுவதில்லை. இடையில் வைக்கும் ஈயக் கலவைக் கம்பி மட்டுமே உருகிப் பற்றிக்கொள்கிறது. அறுபது பங்கு வெள்ளீயமும் நாற்பது பங்கு காரீயமும் சேர்ந்த கம்பி ஏறத்தாழ 190 பாகை செல்சியசில் முழுதும் உருகிவிடும். வில் வெல்டிங்கில் இணைக்கப்படும் இரும்பே உருகிவிடுகிறது. இரண்டுக்கும் பொதுவான தேவை இளக்கி. கடைகளில் இதை ஃபிளக்ஸ் என்றோ பேஸ்ட் என்றோ கேட்பார்கள். உலோகப் பரப்பிலுள்ள ஆக்சைடு படலத்தை நீக்கி, மீண்டும் படியாமல் காப்பது இதன் வேலை.

மின்விசிறியும் மிக்சியும் பழுதுபார்க்கும் ஒரு கடையின் மேசைப் படத்தை எடுத்துக்கொள்வோம். பக்கத்தில் இரும்பு நாற்காலிக்கு வெல்டிங்கும் வைக்கிறார்கள். மேசையில் சுருள்கம்பித் தாங்கி ஒன்றில் பேனா போன்ற கருவி செருகப்பட்டிருக்கிறது. ஒரு டப்பாவில் நீளமான குச்சிகள் நிற்கின்றன. அருகே ஒரு வட்டத் தகர டப்பா, ஒரு சிறு பிளாஸ்டிக் புட்டி.

பேனா போன்ற கருவி சால்டரிங் அயர்ன்தானா? பின்புறம் மின்கம்பி வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கம்பி இல்லையென்றால் அது பெரும்பாலும் டெஸ்டராகவோ திருப்புளியாகவோ இருக்கும் (எரிவாயுவில் இயங்கும் அயர்ன் விதிவிலக்கு). மல்டிமீட்டரின் முனைக்கும் கம்பி உண்டு. ஆனால் அதில் ஊசி நேராகப் பிளாஸ்டிக் பிடியிலிருந்து வெளிவரும். அயர்னில் பிடிக்கும் முனைக்கும் இடையே சில செ.மீ. நீளத்துக்கு ஓர் உலோகக் குழாய் இருக்கும். சூடேற்றும் சுருள் அதற்குள்தான் இருக்கிறது. அயர்ன் சூடாக இருக்கிறதா என்பதை மட்டும் படம் சொல்லாது. 350 பாகையிலும் அதன் நிறம் மாறுவதில்லை.

வெல்டிங் ராடு ஊதுபத்தியைப் போன்றது. ஊதுபத்தியில் மூங்கில் குச்சியின் மேல் மாவு பூசி அடிப்பகுதியை வெறுமையாக விட்டிருப்பார்கள். ராடிலும் இரும்புக் கம்பியின் மேல் கனமான பூச்சு இருக்கும். ஒரு முனையில் மட்டும், பிடிப்பானில் மாட்டி மின்சாரம் பாய்வதற்காக, 2 அல்லது 3 செ.மீ. வெறும் கம்பி தெரியும். வழக்கமான நீளம் 350 மி.மீ., அதாவது பள்ளி அளவுகோலைவிடச் சற்று அதிகம். அந்தப் பூச்சில்தான் இளக்கி இருக்கிறது. அதனால் ராடு அருகே தனி இளக்கி டப்பாவைத் தேட வேண்டியதில்லை. படம் தெளிவாக இருந்தால் வெறுமுனைக்கு அருகே 6013, 7018 போன்ற எண்ணைப் படிக்கலாம். பூச்சின் நிறத்தை நம்பக் கூடாது, அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பூச்சே இல்லாத செம்புநிறக் குச்சிகள் இருந்தால் அவை வில் வெல்டிங் ராடுகள் அல்ல. வாயு வெல்டிங்கிலோ டிக் வெல்டிங்கிலோ உருக்கிச் சேர்க்கும் நிரப்புக் கம்பிகளாக இருக்கலாம்.

சிக்கலானது வட்டத் தகர டப்பா. அதில் மூன்றில் ஒன்று இருக்கலாம்: பைன் மரப் பிசினான ரோசின் கலந்த பேஸ்ட், துத்தநாகக் குளோரைடு கலந்த பேஸ்ட், அல்லது மசகுக் கிரீஸ். மூடி திறந்திருந்தால் உள்ளே உற்றுப் பார்க்கலாம். சூடான அயர்ன் முனையைத் தொட்டெடுத்த பேஸ்டில் உருகி உறைந்த குழிகளும் கருகிய துகள்களும் தெரியும். கிரீஸில் விரலால் வழித்த தடம்தான் இருக்கும். இப்படிக் கிரீஸை ஒதுக்கிவிடலாம்.

ஆனால் மற்ற இரண்டு பேஸ்டுகளையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. வேறுபாடோ பெரியது. ரோசின் சூட்டில் மட்டும் அமிலமாக வேலைசெய்து, ஆறியதும் பெரும்பாலும் செயலற்ற பிசினாக உறைந்துவிடும். துத்தநாகக் குளோரைடின் மிச்சம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு செம்பை அரித்துக்கொண்டே இருக்கும். தகரப் பாத்திரத்தை ஒட்டவைக்க அது ஏற்றது, வேலை முடிந்ததும் கழுவிவிடலாம். மின்சுற்றுப் பலகையில் தடவினால் அன்று எல்லாம் சரியாக இயங்கும், பிறகு இணைப்பைச் சுற்றிப் பச்சை பூத்துச் செம்புத் தடம் அறுந்துபோகும். டப்பா மின்சுற்றுப் பலகைக்குப் பக்கத்தில் இருப்பதால் மட்டும் அது ரோசின் என்று எழுதிவிடக் கூடாது. பல கடைகளில் எல்லா வேலைக்கும் ஒரே டப்பாதான். சீட்டைப் படிக்க முடிந்தாலன்றி வகையைக் குறிப்பிடாமல் விடுவதே சரி.

புட்டியில் இருப்பது திரவ இளக்கியா, துடைக்கும் ஆல்கஹாலா என்பதற்கும் இதே விதிதான். ஆகவே நமது படத்துக்கு இப்படி விளக்கம் எழுதலாம்: “தாங்கியில் சால்டரிங் அயர்ன், டப்பாவில் பூச்சுள்ள வெல்டிங் ராடுகள், முன்னே சால்டரிங் பேஸ்ட், வகை தெரியவில்லை, வலப்புறம் சீட்டு இல்லாத புட்டி.”