32,767 சாவிகள்

ஓர் இணைய சர்வரின் ரகசியச் சாவி, யாரும் ஊகிக்க முடியாத எண்ணிலிருந்து பிறக்க வேண்டும். கணினிக்கோ தானாக எண்ணை இழுக்கத் தெரியாது. கணிக்க முடியாத தகவல்களை வெளியிலிருந்து திரட்டி, ஒரு தொட்டியில் கலக்கி, அதிலிருந்துதான் எண் எடுக்கும்.

2006இல் டெபியன் லினக்ஸில் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளைப் பராமரித்தவர், சோதனைக் கருவி ஒன்று காட்டிய எச்சரிக்கையை நிறுத்த இரண்டு வரிகளை முடக்கினார். அவற்றில் ஒன்றுதான் தொட்டியில் தகவலை ஊற்றும் வரி. மாற்றத்துக்குப் பிறகும் எல்லாம் ஒழுங்காகவே ஓடியது. சாவிகளும் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. ஆனால் தொட்டிக்குள் மாறக்கூடியதாக மிஞ்சியது, ஓடும் நிரலுக்குக் கணினி தரும் வரிசை எண் மட்டுமே. அது 1 முதல் 32,767 வரைதான். ஆக, ஒரே வகைக் கணினியில், ஒரே அளவில், உருவாகக்கூடிய சாவிகளும் அவ்வளவே. அத்தனையையும் முன்கூட்டியே தயாரித்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து உள்ளே நுழையலாம்.

லூசியானோ பெல்லோ இதைக் கண்டுபிடிக்க, 2008 மே 13 அன்று டெபியன் அறிவித்தது. உபுண்டுவும் சிக்கியிருந்தது. மென்பொருளைத் திருத்தினாலும் பழைய சாவிகள் பலவீனமாகவே இருக்கும். அவற்றைத் தேடி அழித்துப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. இதற்காகவே பலவீனச் சாவிகளின் பட்டியலும், ஒப்பிட்டுப் பார்க்க `ssh-vulnkey` என்ற கருவியும் வந்தன.