நாலு அவுன்ஸுக்கு எத்தனை ஸ்கூப்?

என் அக்கா மகளுக்கு மதுரையில் குழந்தை பிறந்தபோது தாய்ப்பால் போதவில்லை. டாக்டர் பவுடர் பாலும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். அமெரிக்காவிலிருந்து வந்த நாத்தனார் இரண்டு டின் கொண்டுவந்து கொடுத்தாள். டின்னில் இருந்த அட்டவணை, நாலு அவுன்ஸ் தண்ணீருக்கு இரண்டு ஸ்கூப் என்றது. நாலு அவுன்ஸ் என்றால் 120 மில்லி என்பது பாட்டிலிலேயே இருக்கிறது. நடுராத்திரித் தூக்கத்திலும் மறக்காத அளவுக்கு அந்தக் கணக்கு அவளுக்குப் பழகிவிட்டது.

அந்த டின்கள் தீர்ந்ததும் தெருமுனை மருந்துக்கடையில் உள்ளூர் டின் வாங்கினார்கள். ஸ்கூப் புதிது, கணக்கு மட்டும் பழையது. 120 மில்லிக்கு அதே இரண்டு ஸ்கூப். வயிறு முட்டக் குடித்த குழந்தை ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி அழுதது. துணி நனைவதற்குக் குறைவே இல்லை. ஆனால் வாரக் கடைசியில் எடை பார்த்தால் ஏறவேயில்லை. டாக்டர் வேறெதுவும் கேட்காமல், டின்னையும் ஸ்கூப்பையும் எடுத்துவரச் சொன்னார்.

பழைய ஸ்கூப்பும் வீட்டில் கிடந்தது. இரண்டிலும் பவுடரைத் தலைதட்டி எடுத்துச் சின்னத் தராசில் வைத்தபோது, ஒன்றில் கிட்டத்தட்ட ஒன்பது கிராம், மற்றதில் நாலரை கிராம்! அமெரிக்க டின்களில் பெரும்பாலும் ஒரு ஸ்கூப் இரண்டு அவுன்ஸுக்கு, அதாவது 60 மில்லிக்கு. நம் ஊரில் விற்கும் டின்களில் பெரும்பாலும் ஒரு ஸ்கூப் 30 மில்லிக்கு. அந்த வாரம் முழுக்கக் குழந்தை குடித்தது பாதிச் சத்துள்ள பால்.

அவுன்ஸை மில்லியாக்குவதில் பெரிய ஆபத்து இல்லை. அமெரிக்க அவுன்ஸ் துல்லியமாக 29.6 மில்லி, பிரிட்டிஷ் அவுன்ஸ் 28.4 மில்லி. பாட்டிலில் 30 என்று போட்டுவிடுகிறார்கள். அமெரிக்கக் கணக்கில் நாலு அவுன்ஸுக்கு இரண்டு மில்லிகூட வித்தியாசம் வராது. ஸ்கூப்தான் ஏமாற்றும். அது பொது அளவு இல்லை, தன் டின்னுக்கு மட்டுமே சொந்தமான கரண்டி. அதனால் புது டின் திறந்ததும், அட்டவணையில் தண்ணீரின் மில்லியை ஸ்கூப் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 30 வருகிறதா, 60 வருகிறதா என்று தெரிந்துவிடும். அதை மூடியிலேயே பெரிதாக எழுதி ஒட்டிவிடலாம். பழைய ஸ்கூப்பைப் பழைய டின்னோடு தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

தவறு எதிர்ப்பக்கமும் நடக்கும். 60 மில்லி ஸ்கூப்பை 30 மில்லிக்குப் போட்டால் பால் இரண்டு மடங்கு கெட்டியாகிவிடும். அதிலுள்ள உப்பை வெளியேற்றக் குழந்தையின் சிறுநீரகம் திணறும், உடம்பில் நீர் வற்றும். நீர்த்த பாலிலோ ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பே வரலாம். குழந்தை சோர்ந்து எழுப்பினாலும் எழாமல் கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இன்னொன்றிலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். அட்டவணையில் இருக்கும் 120 மில்லி, தண்ணீரின் அளவு. கலந்த பாலின் அளவு அல்ல. 120 மில்லி தண்ணீரில் நாலு சின்ன ஸ்கூப் போட்டால், பவுடரும் இடம் பிடிப்பதால் பால் 130 மில்லிக்கு மேல் ஏறி நிற்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பவுடரை முதலில் போட்டு 120 கோடு வரை தண்ணீர் ஊற்றுவதுதான் தப்பு. தண்ணீர் பத்துப் பன்னிரண்டு மில்லி குறைந்து பால் கெட்டியாகும். கொதிக்க வைத்த தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு முதலில் பாட்டிலில் ஊற்றி, கண்ணுக்கு நேராகக் கோட்டைப் பார்த்து, அதன்பிறகே பவுடர். ஸ்கூப்பில் அமுக்கவோ குவிக்கவோ கூடாது, கத்தியின் முதுகால் தலைதட்டினால் போதும்.

டாக்டர் 100 மில்லி கொடுக்கச் சொன்னால்? 30 மில்லி ஸ்கூப்பில் அது மூன்றேகால் ஸ்கூப்புக்கும் கொஞ்சம் மேலே வரும். கால் ஸ்கூப்பை யாராலும் சரியாக அளக்க முடியாது. மூன்றோடு நிறுத்தினால் பால் பத்தில் ஒரு பங்கு நீர்த்துப்போகும். 120 மில்லி தண்ணீருக்கு நாலு ஸ்கூப் கலந்து, 100 மில்லியைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். டின் விற்கும் விலைக்குக் கொட்ட மனசு வராதுதான். அக்கா மகளும் முதல் நாள் தயங்கினாள். ஆனாலும் குழந்தை வாய்வைத்த மிச்சப் பாலை அடுத்த வேளைக்கு எடுத்துவைக்கக் கூடாது, அதில் கிருமி வேகமாகப் பெருகும்.