இல்லன்னாவா, இல்லண்ணாவா?

கடன் தகராறு, விவாகரத்து, மிரட்டல் என்று எந்த வழக்கை எடுத்தாலும் இன்று வாட்ஸ்அப் உரையாடல் ஒரு சான்றாக வந்து சேர்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, அத்தகைய மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழையும் இணைக்க வேண்டும். தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றத்தில் தமிழ் உரையாடலை அப்படியே படித்துவிடலாம். அரசமைப்பின் 348ஆம் உறுப்புப்படி உயர் நீதிமன்றத்தின் மொழி பொதுவாக ஆங்கிலம். அதனால் மேல்முறையீடு என்று வந்துவிட்டால், நள்ளிரவில் ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ் முழுவதையும் ஒருவர் உட்கார்ந்து மொழிபெயர்த்தாக வேண்டும்.

அவர் கைக்கு வருவது திரையில் பார்த்த பச்சைக் கட்டங்கள் அல்ல. வாட்ஸ்அப்பின் ஏற்றுமதி வசதி உரையாடலை வெறும் எழுத்துக் கோப்பாகத்தான் தருகிறது. மதுரையில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கும், அவரிடம் இரண்டு லட்சம் வாங்கிவிட்டுத் துபாய்க்குப் போனவருக்கும் நடந்ததாக ஒரு கற்பனை உரையாடலை எடுத்துக்கொள்ளலாம். கோப்பு கடைக்காரரின் ஆண்ட்ராய்டு போனிலிருந்து எடுக்கப்பட்டது.

```
03/04/24, 11:48 pm - Selvam Stores: thambi 2L enna aachu
03/04/24, 11:51 pm - Ravi Kadan: mudichidren na 🙏
04/04/24, 12:06 am - Ravi Kadan: naalaiku kandippa illana neenga paathukonga
04/04/24, 12:06 am - Ravi Kadan: <Media omitted>
04/04/24, 12:09 am - Selvam Stores: 👍
```

முதலில் பெயர். ‘ரவி கடன்’ என்பது ரவி தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அல்ல. கடைக்காரர் தன் போனில் அவர் எண்ணைச் சேமித்த விதம் அது. ஏற்றுமதிக் கோப்பில் எதிராளியின் பெயர், கோப்பை எடுத்தவரின் முகவரிப் பட்டியலில் உள்ளபடியே விழும். இது தெரியாமல் படிப்பவருக்கு, ரவியே தன்னைக் கடன்காரர் என்று அழைத்துக்கொண்டதாகத் தோன்றிவிடும். அந்தப் பெயரை மாற்றாமல் எழுதி, அது எங்கிருந்து வந்தது என்று ஒரு முறை குறிப்பிட்டுவிடுவது முறை.

அடுத்து தேதி. `03/04/24` ஏப்ரல் 3ஆகவும் இருக்கலாம், அமெரிக்க வழக்கப்படி மார்ச் 4ஆகவும் இருக்கலாம். போனின் வட்டார அமைப்பைப் பொறுத்து வரிசை மாறும். இங்கே விடை கோப்பிலேயே கிடைக்கிறது. மாதம் முதலில் வருகிறது என்று கொண்டால், மார்ச் 4 இரவு 11.51க்கு வந்த செய்திக்கு அடுத்தது ஏப்ரல் 4 அன்று வந்ததாக ஆகிவிடும். நடுவில் ஒரு மாத மௌனம் இருந்ததற்கான அடையாளம் பேச்சில் இல்லை. நீண்ட கோப்பு என்றால் இன்னும் எளிது: 12க்கு மேற்பட்ட எண் எந்த இடத்தில் வருகிறது என்று தேடினால் போதும், அந்த இடம்தான் நாள். அதை உறுதி செய்துகொண்ட பிறகு, மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதிவிட்டால் படிப்பவருக்குக் குழப்பம் வராது.

நேரம் இதைவிட நுட்பமானது. ஏற்றுமதிக் கோப்பு, அதை எடுக்கும் போனில் உள்ள நேரத்தைத்தான் காட்டும். இந்திய நேரம் துபாய் நேரத்தைவிட ஒன்றரை மணி முந்தியது. மதுரைக் கோப்பில் ஏப்ரல் 4 நள்ளிரவு 12.06 என்று உள்ள அதே செய்தி, ரவி துபாயில் தன் போனிலிருந்து எடுக்கும் கோப்பில் ஏப்ரல் 3 இரவு 10.36 என்று இருக்கும். இரு தரப்பும் ஆளுக்கொரு கோப்பைத் தாக்கல் செய்தால், ஒன்று திருத்தப்பட்டது என்ற சந்தேகம் எழலாம். உண்மையில் இரண்டுமே சரிதான்.

இந்த ஒன்றரை மணி, `naalaiku` என்ற ஒரு சொல்லில் வந்து முட்டுகிறது. நள்ளிரவு தாண்டி ஆறு நிமிடத்தில் மதுரையில் இருப்பவர் ‘நாளைக்கு’ என்றால், விடியப்போகிற 4ஆம் தேதியைச் சொல்கிறாரா, 5ஆம் தேதியைச் சொல்கிறாரா? தூங்கி எழும்வரை நமக்கு நாள் மாறுவதில்லை. துபாயில் இரவு பத்தரைக்கு எழுதியவருக்கோ அது ஐயமின்றி 4ஆம் தேதி. ரவி அப்போது எங்கே இருந்தார் என்பது சாட்சியத்தால் நிறுவ வேண்டிய செய்தி, மொழிபெயர்ப்பாளர் அறிந்து எழுதக்கூடியது அல்ல. அவர் ‘நாளை’ என்பதற்கு நேரான ஆங்கிலச் சொல்லை மட்டும் எழுத வேண்டும். உதவி செய்வதாக நினைத்து அடைப்புக்குறிக்குள் ஒரு தேதியைப் போட்டால், கெடு தவறியதா இல்லையா என்ற கேள்விக்கு அவரே தீர்ப்பு எழுதியதாகிவிடும்.

இனி அந்த வரியின் நடுவில் உள்ள சொல். ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டும்போது குறில் நெடில் மறையும், லகர ளகர ழகரங்கள் ஒன்றாகும், னகரமும் ணகரமும் ஒன்றாகும். `vali` என்பது வலியா வழியா என்பதைப் பெரும்பாலும் பக்கத்துச் சொல் காட்டிக்கொடுத்துவிடும். `illana` அப்படி அல்ல. அதை ‘இல்லன்னா’ என்று படித்தால்: நாளைக்குக் கண்டிப்பா. இல்லன்னா நீங்க பாத்துக்கோங்க. அதாவது பணம் நாளை வரும், வராவிட்டால் நீங்கள் செய்வதைச் செய்யுங்கள். ‘இல்லண்ணா’ என்று படித்தால்: நாளைக்குக் கண்டிப்பா இல்லண்ணா. நீங்க பாத்துக்கோங்க. நாளை நிச்சயம் கிடையாது, நீங்கள் சமாளித்துக்கொள்ளுங்கள். ஒரு முற்றுப்புள்ளி இல்லாத குறையால், உறுதிமொழியும் கைவிரிப்பும் ஒரே எழுத்துக்கூட்டில் நிற்கின்றன.

இதற்கு விடை தேட வேண்டிய இடம் அகராதி அல்ல, எழுதியவரின் பழக்கம். இரண்டாம் வரியில் ரவி ‘அண்ணா’வைச் சுருக்கும்போது `mudichidren na` என்று இடைவெளி விட்டு எழுதியிருக்கிறார். அதே பழக்கம் என்றால் இங்கேயும் `illa na` என்று இருந்திருக்க வேண்டும். இது முதல் வாசிப்பின் பக்கம் சாய்கிறது, ஆனால் ஒரே ஒரு சான்று போதாது. கோப்பு முழுவதும் `illana` வரும் இடங்களையெல்லாம் எடுத்து, அவர் அதை எப்பொருளில் எழுதியிருக்கிறார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பழக்கம் மாறாமல் இருந்தால் அந்த வாசிப்பை எழுதி, காரணத்தைக் குறிப்பில் சொல்லலாம். கலந்து கிடந்தால் இரண்டு வாசிப்பையும் கொடுப்பதே நேர்மை. கடைக்காரர் கட்டைவிரல் காட்டியிருக்கிறாரே, எனவே உறுதிமொழிதான் என்று வாதிடுவது வழக்கறிஞரின் வேலை.

`mudichidren` கூட நிதானித்துப் பார்க்க வேண்டிய சொல்தான். கடனைப் பற்றிய பேச்சில் ‘முடிச்சிடுறேன்’ என்றால் கணக்கைத் தீர்ப்பது. சண்டை முற்றிய பேச்சில் அதே சொல் ஆளைத் தீர்ப்பது. ‘அடிச்சிட்டான்’ என்பது அறைந்ததாகவும் இருக்கலாம், பணத்தைச் சுருட்டியதாகவும் இருக்கலாம். ‘தூக்கிட்டாங்க’ என்றால் போலீஸ் பிடித்துப்போனதும் ஆகும், கடத்திப்போனதும் ஆகும். இத்தகைய சொற்களுக்கு மூலச் சொல்லையும் பக்கத்தில் வைத்து, அது தாங்கும் பொருள்களைக் குறிப்பில் தருவதே பாதுகாப்பு. வசைச் சொற்களை மென்மையாக்குவதும் பிழை. சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்திய வழக்கில் அந்தச் சொல்லே குற்றத்தின் உடல். அது அதே வடிவில் ஏட்டில் இருந்தாக வேண்டும்.

‘தம்பி’, ‘அண்ணா’ என்ற விளிகளை ஆங்கில உறவுச் சொல்லாக மாற்றினால் இருவரும் உடன்பிறந்தவர்கள் என்று நீதிபதி எண்ணிவிடக்கூடும். அவற்றை ஒலிபெயர்த்து, மரியாதை விளி என்று சொல்வது தேவலை. ஆங்கிலத்தில் நீங்களும் நீயும் ஒரே சொல்தான். ஆகவே, மூன்று மாதமாக ‘நீங்க’ என்று எழுதியவர் திடீரென்று ‘நீ’, ‘டா’ என்று இறங்கும் இடத்தைக் குறித்துக் காட்டாவிட்டால், உறவு முறிந்த நாள் ஆங்கிலப் பிரதியில் காணாமல் போய்விடும்.

எமோஜிகளுக்கு வருவோம். எழுத்துக் கோப்பில் உண்மையில் இருப்பது படம் அல்ல, யூனிகோடு எண். அதற்கான படத்தைப் படிக்கும் கருவிதான் வரைகிறது. துப்பாக்கிப் படத்தை ஆப்பிள் நிறுவனம் 2016இலும் கூகுள் உள்ளிட்ட பிறர் 2018இலும் நீர்த்துப்பாக்கியாக மாற்றினார்கள். 2015இல் மிரட்டலாக வந்த படத்தை இன்று திறந்தால் பொம்மையாகத் தெரியும். எனவே, படத்தை அப்படியே அச்சிட்டு, பக்கத்தில் அதன் யூனிகோடு பெயரையும் எண்ணையும் எழுத வேண்டும். மூன்று முறை வந்தால் மூன்றும் இருக்க வேண்டும்.

பொருள் சொல்வது மட்டும் கூடாது. ரவி அனுப்பிய கூப்பிய கைகள் நன்றியா, கெஞ்சலா, மன்னிப்பா, ‘ஆளை விடுங்கள்’ என்பதா? கட்டைவிரலுக்கு இரண்டு நாட்டு நீதிமன்றங்கள் இரண்டு விதமாகப் பொருள் கொண்டிருக்கின்றன. கனடாவின் சஸ்காட்செவன் மாகாண நீதிமன்றம் 2023இல், ஆளிவிதை கொள்முதல் ஒப்பந்தத்துக்கு ஒரு விவசாயி அனுப்பிய கட்டைவிரலை ஒப்புதல் என்று ஏற்று, இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. ரயில்வே பாதுகாப்புப் படையில் அதிகாரி ஒருவர் கொல்லப்பட்ட செய்திக்கு ஒரு காவலர் கட்டைவிரல் அனுப்பி வேலை இழந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற மதுரை அமர்வு 2024இல் வேறு விதமாகச் சொன்னது: அது செய்தியைப் பார்த்துவிட்டதற்கான அடையாளமாக இருக்கலாம், கொலையைக் கொண்டாடியதாகக் கொள்ள முடியாது. ‘சரி என்றார்’ என்று மொழிபெயர்ப்பாளர் எழுதியிருந்தால், இந்த வாதத்துக்கே இடம் இருந்திருக்காது.

அந்தக் கட்டைவிரல் எந்தச் செய்திக்குப் பதில் என்பதுகூடக் கோப்பில் தெரியாது. திரையில் ஒரு பழைய செய்தியை மேற்கோளாக வைத்துப் பதில் அனுப்பியிருந்தாலும், ஏற்றுமதியில் மேற்கோள் விழுவதில்லை. `<Media omitted>` என்ற இடத்தில் ஒரு குரல் பதிவோ ரசீதின் படமோ இருந்திருக்கும். அந்த வரியைத் தேவையற்றதென்று நீக்காமல், வரிசை எண் கொடுத்து, இணைப்பு கோப்பில் இல்லை என்று எழுத வேண்டும்.

இத்தனையும் ஒரு பக்கத்தில் அடங்க, நான்கு பத்தி கொண்ட அட்டவணையே நன்றாக உதவும். வரிசை எண்ணும் நேரமும் கொண்ட மூலம் ஒரு தட்டெழுத்தும் மாறாமல் முதலில் வரும். அடுத்து அதன் தமிழ் எழுத்து வடிவம், பிறகு ஆங்கிலம், கடைசியில் குறிப்பு. தமிழ் வடிவப் பத்தியைச் சிலர் வீண் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். `illana` எப்படிப் படிக்கப்பட்டது என்பதைத் தமிழ் தெரிந்த எதிர்த்தரப்பு சரிபார்க்க உதவும் ஒரே இடம் அதுதான். இறுதியில் மொழிபெயர்ப்பாளர் கையெழுத்திட்டு உறுதி சொல்வது மொழிபெயர்ப்புக்கு மட்டுமே. கோப்பு உண்மையானதா என்பதற்கு 63ஆம் பிரிவின் சான்றிதழும் அதில் எழுதப்படும் ஹாஷ் மதிப்பும்தான் பொறுப்பு.

எழுத்துக் கோப்பை யாரும் எளிதில் திருத்திவிடலாம். ஆகவே, வழக்குக்குப் போகக்கூடிய உரையாடல் வைத்திருப்பவர்கள் ஏற்றுமதி செய்தாயிற்றே என்று போனை மாற்றிவிடவோ செய்திகளை அழித்துவிடவோ வேண்டாம். வழக்கு முடியும்வரை அந்தக் கருவியைப் பத்திரமாக வைத்திருங்கள்.