உயிர்வளி தராத ஒளிச்சேர்க்கை

ஒளிச்சேர்க்கையின்போது தாவரம் வெளியிடும் உயிர்வளி எதிலிருந்து வருகிறது? கரிவளியிலிருந்தா, நீரிலிருந்தா? மாணவர்களே, கரிவளியிலிருந்து என்றுதான் ஒரு காலத்தில் அறிஞர்கள் பலரும் எண்ணினர். சரியான விடைக்கு வழிகாட்டியவை, உயிர்வளியே வெளியிடாத சில பாக்டீரியாக்கள்.

கிள்ளான் துறைமுகத்திலிருந்து படகேறி பூலாவ் கெத்தாம் சென்றிருக்கிறீர்களா? நீர் வற்றும் வேளையில் அங்குள்ள கண்டல் காட்டுச் சேற்றில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. நமக்கு நஞ்சான இவ்வாயுதான் ஊதா, பச்சை நிறக் கந்தக பாக்டீரியாக்களுக்கு மூலப்பொருள். கோவாவின் கண்டல் மண்ணில் கிடைத்த ஓர் ஊதா வகைக்கு 2005-இல் ‘மாரிக்குரோமேட்டியம் இண்டிகம்’ எனப் பெயரிட்டனர்.

கரிவளியைச் சர்க்கரையாக்க எலெக்ட்ரான்கள் தேவை. தாவரம் அவற்றை நீரிலிருந்து எடுக்கிறது. நீர் பிளவுபட்டால் உயிர்வளி மிஞ்சும். இந்த பாக்டீரியாக்களோ ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து எடுக்கின்றன. அது பிளவுபட்டால் மிஞ்சுவது கந்தகம்:

CO₂ + 2H₂S → (CH₂O) + H₂O + 2S

ஊதா பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை இக்கந்தகத்தைத் தம் உடலுக்குள் மணிகளாகச் சேமிக்கின்றன. பச்சை வகை அதை வெளியே தள்ளிவிடுகிறது.

1931-இல் வான் நீல் என்ற அறிவியலாளர் இச்சமன்பாட்டை உற்றுநோக்கினார். இங்கும் கரிவளி பயன்படுகிறது. ஆனால் உயிர்வளி வரவில்லை. H₂S தருவது கந்தகம் என்றால், தாவரத்தில் H₂O தருவதுதானே உயிர்வளியாக இருக்க வேண்டும்? 1941-இல் ரூபன், கேமன் குழுவினர் கனமான ஆக்சிஜன் அணு கொண்ட நீரைப் பாசிக்குக் கொடுத்தனர். வெளிவந்த உயிர்வளியில் அந்தக் கனமான அணு இருந்தது. வான் நீலின் ஊகம் சரியானது.

இவை ஏன் நீரைப் பிளப்பதில்லை? நீர் தன் எலெக்ட்ரான்களை இறுகப் பிடித்திருக்கிறது. தாவரத்தில் இரண்டு ஒளித்தொகுதிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றுக்கு அப்பிடியை விடுவிக்கும் வலிமை உண்டு. இந்த பாக்டீரியாக்களிடம் இருப்பதோ ஒரே ஒளித்தொகுதி. அதன் வலிமை ஹைட்ரஜன் சல்பைடுக்குப் போதும், நீருக்குப் போதாது.

ஆசிரியர் துணையுடன் இதைச் சோதிக்கலாம். இரு கண்ணாடிப் புட்டிகளில் கண்டல் சேறு, கிழித்த காகிதம், சிறிது அவித்த முட்டை மஞ்சள் கரு இட்டுக் கடல்நீர் ஊற்றி, லேசாக மூடுங்கள். ஒன்றைச் சன்னலோரம் வையுங்கள். மற்றதைக் கருந்தாளால் சுற்றுங்கள். வாயுவை முகர வேண்டாம். சில வாரங்களில் வெளிச்சத்தில் உள்ள புட்டியின் கரிய சேற்றருகே பச்சைத் திட்டும், அதற்குச் சற்று மேலே ஊதாத் திட்டும் தோன்றக்கூடும். வாயு மிகுந்த அடிப்பகுதியைப் பச்சை வகை தாங்கும். மேற்பரப்பில் பச்சையாகப் படர்வது பாசி. அது உயிர்வளி தருவது. இருட்டுப் புட்டியில் சேறு கறுத்தாலும் ஊதா தோன்றாது. ஏனெனில் வாயு மட்டும் போதாது, ஒளியும் வேண்டும்.